ரவுட்டரை அணைத்துப் போட்டால் பிரிண்டர் காணாமல் போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிண்டர் "ஆஃப்லைன்" என்று காட்டுவதைப் பற்றிச் சுற்றிச் சுற்றி வரும் சந்தேகங்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பதில்கள் முழுவதிலும் ஒரே உதாரணத்தைத்தான் வைத்திருக்கிறேன். அதில் ரவுட்டரின் முகவரி 192.168.1.1. அது மற்றக் கருவிகளுக்கு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை முகவரி கொடுக்கிறது. பிரிண்டர் இதுவரை 192.168.1.104-இல் இருந்தது. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், வேலை ஒன்றுதான்.

நேத்து வரைக்கும் நல்லா பிரிண்ட் ஆச்சு. கரண்ட் போய் வந்து ரவுட்டர் ஆன் ஆனதுல இருந்து ஆஃப்லைன்னு காட்டுது. பிரிண்டர்ல என்ன கோளாறு?

பெரும்பாலும் பிரிண்டரில் கோளாறு எதுவும் இருக்காது. அதன் முகவரி மாறியிருக்கும், கணினி இன்னும் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும்.

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎச்சிபி. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைப் பல வீட்டு ரவுட்டர்கள் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். மின்சாரம் போனால் பட்டியலும் போய்விடும். அப்போது பிரிண்டர் அணைந்து கிடந்து, புதிதாக ஒரு கைபேசி வைஃபைக்குள் வந்தால், 104 காலியாக இருக்கிறது என்று எண்ணி ரவுட்டர் அதைக் கைபேசிக்குக் கொடுத்துவிடலாம். பிறகு பிரிண்டரை ஆன் செய்தால் அதற்கு 107 கிடைக்கும். கணினி அனுப்பும் பக்கங்கள் 104-க்குப் போகின்றன. அங்கே இருப்பது ஒரு கைபேசி.

ஆனா சில தடவை ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனாலும் ஒண்ணும் ஆகலையே?

பல கருவிகள் தமக்குக் கடைசியாகக் கிடைத்த முகவரியையே மறுபடி கேட்டுப் பார்க்கும். அது காலியாக இருந்தால் பெரும்பாலும் கிடைத்தும்விடும். அதனால்தான் இந்தப் பிரச்சினை ஒருநாள் வரும், பத்து நாள் வராது. தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அந்த முகவரி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

முகவரிதான் மாறிடுச்சுன்னு எப்படி உறுதியா தெரிஞ்சுக்கறது?

பிரிண்டரின் திரையில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஐபி முகவரியைப் பாருங்கள். திரை இல்லாத மாடல் என்றால் நெட்வொர்க் விவரப் பக்கம் ஒன்றை அச்சிடச் சொல்லலாம். எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, கணினி எந்த முகவரியில் தேடுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் Printers & scanners பகுதியில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, Printer properties திறந்து, Ports தாவலுக்குப் போனால் டிக் செய்யப்பட்ட வரியில் அது தெரியும். பிரிண்டர் 107 என்கிறது, கணினி 104 என்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம். அந்த வரி WSD என்று தொடங்கினால் அங்கே ஐபி முகவரி தெரியாது. அதற்கான பதில் கீழே வருகிறது.

பிரிண்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் பிரிண்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. 0.0.0.0 என்று இருந்தால் அது வைஃபையிலேயே சேரவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு நிலையிலும் முதலில் இணைப்பைச் சரிசெய்யுங்கள். நிலையான முகவரியெல்லாம் அதற்கு அப்புறம்.

நிலையான முகவரி கொடுக்க ரெண்டு வழி இருக்காமே. எது நல்லது?

ஒன்று, பிரிண்டரின் அமைப்புக்குள் போய் முகவரியைக் கையால் எழுதுவது. இன்னொன்று, "இந்தப் பிரிண்டர் வந்தால் எப்போதும் இதே முகவரியைக் கொடு" என்று ரவுட்டரில் பதிந்து வைப்பது. இதை முகவரி ஒதுக்கீடு என்று சொல்லலாம். ரவுட்டர் திரையில் Address Reservation, DHCP Reservation, Static Lease என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும்.

என் ஓட்டு ஒதுக்கீட்டுக்குத்தான். எல்லா முகவரிகளும் ஒரே இடத்தில் தெரியும், அந்த முகவரியை வேறு கருவிக்கு ரவுட்டர் கொடுக்காது. பிரிண்டர் வழக்கம்போல ரவுட்டரிடம் கேட்டே வாங்கிக்கொள்வதால், நாளைக்கு ரவுட்டரை மாற்றினாலும், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பழையதாகவே இருந்தால் அது புதிய நெட்வொர்க்கில் தானாகச் சேர்ந்துகொள்ளும். கையால் எழுதிய முகவரி அப்படி அல்ல. புதிய ரவுட்டரின் முகவரி வரிசை வேறாக இருந்தால், பிரிண்டர் பழையதை விடாமல் பிடித்துக்கொண்டு யாருக்கும் எட்டாமல் நிற்கும்.

ரவுட்டரின் கடவுச்சொல் உங்களிடம் இல்லை, அல்லது ரவுட்டரில் அந்த வசதியே இல்லை என்றால் மட்டும் முதல் வழிக்குப் போங்கள்.

சரி, ரவுட்டர்ல ஒதுக்கீடு செய்யறதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொல்லுங்க.

முதலில் பிரிண்டரின் மேக் முகவரி வேண்டும், அதாவது ரவுட்டர் அதை அடையாளம் காணும் எண். 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் உள்ள எழுத்துகளில் பன்னிரண்டு சேர்ந்தது அது. முன்பு அச்சிட்ட நெட்வொர்க் பக்கத்தில் இருக்கும். வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு ஒரு மேக் என்று பல பிரிண்டர்களில் இரண்டு இருக்கும். நீங்கள் எதில் இணைத்திருக்கிறீர்களோ அதை எடுங்கள். வைஃபையில் ஓடும் பிரிண்டருக்குக் கேபிளின் மேக்கைப் பதிந்துவிட்டால் பிழை எதுவும் காட்டாது, ஒதுக்கீடும் வேலை செய்யாது.

உலாவியில் 192.168.1.1 திறந்து ரவுட்டருக்குள் நுழையுங்கள். LAN அல்லது DHCP Server என்ற பகுதியில் ஒதுக்கீட்டுப் பக்கம் இருக்கும். சில ரவுட்டர்களில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலிலிருந்தே பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கலாம், மேக்கைத் தட்ட வேண்டியதில்லை. தட்ட நேர்ந்தால் இரண்டிரண்டாகப் பிரித்து நடுவில் முக்காற்புள்ளி வைப்பதுதான் பெரும்பாலான ரவுட்டர்களில் வழக்கம். முகவரியாக 192.168.1.190 கொடுங்கள். பழைய 104 இப்போது கைபேசியிடம் இருப்பதால் அதைத் தொட வேண்டாம். 190 ரவுட்டர் வழங்கும் வரம்புக்குள்ளேயே இருப்பதால் ஒதுக்கீட்டை வரம்புக்குள் மட்டுமே ஏற்கும் ரவுட்டர்களும் மறுக்காது. கடைசிப் பக்கமாக இருப்பதால் இப்போது வேறு யாரிடமும் இருக்கும் வாய்ப்பும் குறைவு. இருந்தாலும் பட்டியலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சேமித்த பிறகு பிரிண்டரை அணைத்து ஆன் செய்யுங்கள், ரவுட்டரை அல்ல. பிரிண்டர் மறுபடி வந்து கேட்டால்தான் புதிய முகவரி கையில் கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் தூங்கப் போகும் மாடல்களும் உண்டு. அப்படி இருந்தால் மின்கம்பியைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்துச் செருகுங்கள். திரையில் 192.168.1.190 வந்துவிட்டால் ரவுட்டர் பக்கத்து வேலை முடிந்தது.

ஒதுக்கீடு செஞ்சுட்டேன், பிரிண்டர்லயும் 190னு காட்டுது. ஆனா கம்ப்யூட்டர் இன்னும் ஆஃப்லைன்னே சொல்லுதே?

முக்கால்வாசிப் பேர் நின்றுவிடும் இடம் இதுதான். முகவரியை நிலைப்படுத்துவது பாதி வேலை. அந்த முகவரியைக் கணினிக்குச் சொல்வது மீதிப் பாதி. கணினி இன்னும் 104-இல்தான் தேடுகிறது.

பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கத் தேவையில்லை. அப்படிச் செய்து செய்துதான் பெயருக்குப் பின்னால் Copy 1, Copy 2 என்று ஒரே பிரிண்டர் பட்டியலில் வரிசை கட்டி நிற்கிறது. Printer properties திறந்து Ports தாவலில் Add Port அழுத்துங்கள். Standard TCP/IP Port தேர்ந்தெடுத்து New Port அழுத்தினால் முகவரி கேட்கும். 192.168.1.190 கொடுத்து முடியுங்கள். பட்டியலில் டிக் இப்போது புதிய வரிக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்து Apply அழுத்துங்கள். General தாவலில் உள்ள Print Test Page மூலம் சோதித்துக்கொள்ளலாம்.

பல கணினிகளில் இதையே செய்ய வேண்டுமென்றால் பவர்ஷெல்லை நிர்வாகி அனுமதியோடு திறந்து இரண்டு வரிகளில் முடிக்கலாம். பிரிண்டரின் பெயரை மட்டும் உங்கள் கணினியில் இருப்பதுபோல மாற்றிக்கொள்ளுங்கள்.

```
Add-PrinterPort -Name "IP_192.168.1.190" -PrinterHostAddress "192.168.1.190"
Set-Printer -Name "Office Printer" -PortName "IP_192.168.1.190"
```

என் கம்ப்யூட்டர்ல போர்ட் பெயர் WSD-ன்னு ஆரம்பிக்குது. அதுல முகவரியே இல்லையே?

அந்த வகையில் விண்டோஸ் ஐபி முகவரியை நம்பி இருப்பதில்லை. நெட்வொர்க்கில் குரல் கொடுத்து, பிரிண்டர் பதில் சொல்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கிறது. முகவரி மாறினாலும் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் அதன் நோக்கம். நடைமுறையில் அந்தக் குரலும் பதிலும் ஒன்றையொன்று தவறவிடும்போது பிரிண்டர் ஆஃப்லைன் ஆகிவிடுகிறது.

முகவரியை நிலைப்படுத்திவிட்டீர்கள் என்றால் WSD-க்கு அவசியமே இல்லை. முந்தைய பதிலில் சொன்னபடி Standard TCP/IP Port-க்கு மாற்றிவிடுங்கள். ஸ்கேனும் செய்யும் பிரிண்டராக இருந்தால், மாற்றிய பிறகு ஸ்கேன் ஓடுகிறதா என்று தனியாகச் சோதியுங்கள். அச்சுக்கும் ஸ்கேனுக்கும் கணினியில் தனித்தனி இணைப்பு.

கைபேசில இருந்து நல்லா பிரிண்ட் ஆகுது, கம்ப்யூட்டர்ல மட்டும் வரலை. அப்போ முகவரி பிரச்சினை இல்லைதானே?

அதுவேதான் முகவரிப் பிரச்சினைக்கு நல்ல அடையாளம். கைபேசிகள் அச்சிடும் நேரத்தில் பிரிண்டரைப் பெயரால் தேடிக் கண்டுபிடிக்கின்றன, முகவரி எதுவாக இருந்தாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. ஆப்பிளின் மேக் கணினிகளும் பிரிண்டரை வழக்கமான முறையில் சேர்த்திருந்தால் அப்படித்தான். பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது விண்டோஸின் போர்ட். கைபேசியில் வேலை செய்கிறது என்றால் பிரிண்டரும் வைஃபையும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். நேராகப் போர்ட்டைப் பாருங்கள்.

ping போட்டா பதில் வருது. ஆனா பிரிண்ட் வரலை. எப்படி?

Command Prompt சாளரத்தில் ping என்று தட்டி ஒரு முகவரியைக் கொடுத்தால், அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கணினி கேட்டுப் பார்க்கும். பதில் யாரிடமிருந்து வருகிறது என்று கவனியுங்கள். விண்டோஸில் இப்படி ஒரு வரி வரும்:

```
Reply from 192.168.1.123: Destination host unreachable.
```

Reply from என்று தொடங்குவதால் பிரிண்டர் பதில் சொல்லிவிட்டது என்று தோன்றும். 192.168.1.123 என்பது உங்கள் கணினியின் முகவரிதான். அந்த முகவரியில் யாரும் இல்லை என்று உங்கள் கணினியே உங்களிடம் சொல்கிறது. அடியில் வரும் கணக்கில் 0% loss என்றுகூடக் காட்டும், அதை நம்பாதீர்கள். உண்மையான பதிலில் பிரிண்டரின் முகவரியும் அதன் பின்னால் time= என்பதும் இருக்கும்.

உண்மையான பதிலே வந்தாலும் அது பிரிண்டர்தானா என்று பார்க்க வேண்டும். முதல் கேள்வியின் கைபேசிக் கதை நினைவிருக்கும், 104-க்கு ping போட்டால் அந்தக் கைபேசியும் பதில் சொல்லலாம். உலாவியில் `http://192.168.1.190` திறந்து பாருங்கள். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்களில் மாடல் பெயரோடு ஒரு பக்கம் வரும். வரவில்லை என்றால் ping முடிந்த கையோடு `arp -a` என்று தட்டி, அந்த முகவரிக்கு நேரே உள்ள மேக்கை அச்சிட்ட பக்கத்தோடு ஒப்பிடுங்கள். விண்டோஸ் இடையில் சிறுகோடு போட்டுக் காட்டும், பிரிண்டர் வேறு மாதிரி காட்டலாம். எழுத்துகள் ஒத்துப்போனால் போதும்.

ரவுட்டர் பாஸ்வேர்டு என்கிட்ட இல்லை. பிரிண்டர்லயே முகவரியை எழுதணும்னா என்ன கவனிக்கணும்?

முக்கியமான ஒன்று: ரவுட்டர் வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஒதுக்கீட்டில் 190 சரி, ஏனென்றால் அது யாருடையது என்று ரவுட்டருக்குத் தெரியும். கையால் எழுதும்போது ரவுட்டருக்குத் தெரியாது. நாளைக்கே 190-ஐ வேறு கருவிக்குக் கொடுத்துவிடலாம். நம் உதாரணத்தில் 192.168.1.50 பாதுகாப்பானது. வரம்பு எதுவென்று ரவுட்டரை வைத்திருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே, அந்த எண்ணை அவரும் வேறு எதற்கும் எழுதி வைக்கவில்லை என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மற்றவை எளிது. சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. உங்கள் கணினியில் `ipconfig` தட்டினால் வரும் Subnet Mask, Default Gateway இரண்டையும் அப்படியே எழுதினால் போதும். கேட்வே தவறாக இருந்தாலும் அதே நெட்வொர்க்குக்குள் அச்சு வரும், ஆனால் ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்புவது போன்ற இணைய வேலைகள் நின்றுவிடும். அவற்றுக்கு டிஎன்எஸ் முகவரியும் வேண்டும். அங்கேயும் ரவுட்டரின் முகவரியையே கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும்.

ரெண்டும் செஞ்சு வைச்சா இன்னும் பாதுகாப்புதானே? ரவுட்டர்லயும் ஒதுக்கி, பிரிண்டர்லயும் எழுதிட்டேன்.

இரண்டிலும் ஒரே எண் இருக்கும்வரை பாதகம் இல்லை, கூடுதல் லாபமும் பெரிதாக இல்லை. ஒருநாள் ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் குழப்பம். ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டு பிரிண்டரைத் தானியங்கி முறைக்கே திருப்பிவிடுங்கள்.

ஒருநாள் வருது, ஒருநாள் வரலை. சில சமயம் பாதி பக்கத்துல நின்னுடுது. முகவரி மட்டும் மாறவே இல்லை.

ஒரே முகவரி இரண்டு கருவிகளிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வரம்புக்கு உள்ளேயே கையால் எழுதிய பிரிண்டர்களுக்கு வரும் வினை இது. சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பிரிண்டரின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அந்த முகவரிக்கு ping போடுங்கள். அணைந்த பிரிண்டர் பதில் சொல்லாது. பதில் வந்தால் அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். ping பற்றிய பதிலில் சொன்ன `arp -a` அது எந்தக் கருவி என்று காட்டிக் கொடுக்கும்.

பதில் வரவில்லை என்றால் மட்டும் அதை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இன்னொரு கருவியும் அப்போது அணைந்திருக்கலாம், அல்லது ping-க்குப் பதில் சொல்லாத வகையாக இருக்கலாம். அப்படியும் எதுவும் அகப்படவில்லை என்றால் வைஃபை சிக்னலைச் சந்தேகப்படலாம்.

முகவரி சரி, போர்ட் சரி, உலாவில பிரிண்டர் பக்கமும் திறக்குது. இன்னும் ஆஃப்லைன்னு காட்டுதே?

Ports தாவலில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து Configure Port அழுத்துங்கள். SNMP Status Enabled என்று ஒரு பெட்டி இருக்கும். பிரிண்டரின் நிலையை விண்டோஸ் அதன் வழியாகத்தான் விசாரிக்கிறது. பிரிண்டரில் அந்த வசதி அணைக்கப்பட்டிருந்தால் பதில் வராது, உடனே விண்டோஸ் ஆஃப்லைன் என்று முடிவுகட்டிவிடும். டிக்கை எடுத்துவிட்டு ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள். டிக் இல்லாவிட்டால் மை தீர்ந்தது, தாள் இல்லை போன்ற தகவல்கள் கணினிக்கு வராமல் போகலாம். இழப்பு அவ்வளவுதான்.

அச்சு வரிசைச் சாளரத்தில் Use Printer Offline டிக் ஆகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய முகவரிக்குப் போகாமல் தேங்கிய வேலைகள் வரிசையில் கிடந்தால் அவற்றை அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

இன்டர்நெட் கம்பெனி மாத்தினதுல புது ரவுட்டர் வந்துடுச்சு. இப்ப எல்லாத்தையும் மறுபடி செய்யணுமா?

ஒதுக்கீடு பழைய ரவுட்டரோடு போய்விட்டது, அதைப் புதிதாகப் பதிய வேண்டும். கணினிகளில் கைவைக்காமல் தப்பிக்க வழி உண்டு. புதிய ரவுட்டர் 192.168.0.1 என்று வந்திருந்தால், அதன் LAN அமைப்பில் முகவரியை 192.168.1.1 என்றும், வரம்பைப் பழையபடி 100 முதல் 199 வரை என்றும் மாற்றுங்கள். பிறகு அதே மேக்குக்கு அதே 190-ஐ ஒதுக்குங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும்கூடப் பழையதாகவே இருந்தால் பிரிண்டரிலும் எதையும் தொட வேண்டாம்.

பிரிண்டரில் கையால் 192.168.1.50 எழுதியிருந்து, ரவுட்டர் 192.168.0 வரிசைக்குப் போய்விட்டால் உலாவியில் பிரிண்டரின் பக்கமும் திறக்காது. பிரிண்டரின் திரையிலேயே தானியங்கிக்கு மாற்றுங்கள். திரை இல்லாத மாடலில் நெட்வொர்க் அமைப்பை மட்டும் அழிக்கும் வழி கையேட்டில் இருக்கும்.

வீட்டுல ரெண்டு ரவுட்டர் இருக்கு. ஒண்ணுல ஒதுக்கியும் பிரிண்டர் வேற முகவரி வாங்குது.

முகவரி கொடுப்பது நீங்கள் ஒதுக்கிய ரவுட்டர் அல்ல, மற்றது. பிரிண்டர் எந்த ரவுட்டரில் சேர்ந்திருக்கிறதோ அதிலேயே கணினியை இணைத்து `ipconfig /all` தட்டுங்கள். DHCP Server என்ற வரியில் இருக்கும் முகவரிதான் இப்போது பொறுப்பில் இருக்கும் ரவுட்டர். ஒதுக்கீட்டை அங்கே செய்யலாம்.

அதைவிட நல்லது, இரண்டாவது ரவுட்டரை Access Point நிலைக்கு மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையை முதல் ரவுட்டரிடம் மட்டும் விடுவது. இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால், முதல் ரவுட்டரில் உள்ள கணினிக்கு இரண்டாவதற்குப் பின்னால் உள்ள பிரிண்டர் பொதுவாக எட்டாது. முகவரி எவ்வளவு நிலையாக இருந்தாலும் அப்படித்தான்.

பிரிண்ட் எல்லாம் சரி. ஆனா ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு அனுப்பறது மட்டும் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனா நின்னுடுது.

இங்கே தேடுவது பிரிண்டர், தேடப்படுவது கணினி. பிரிண்டரின் முகவரிப் புத்தகத்தில் கணினியின் ஐபி முகவரியை எழுதி வைத்திருப்பீர்கள், இப்போது மாறியது அதுதான். கணினிக்கும் இதே ரவுட்டரில் ஒரு முகவரியை ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.191. பிரிண்டரில் அந்த எண்ணை எழுதிவிடுங்கள்.

மடிக்கணினி என்றால் அதன் வைஃபை அமைப்பில் Random hardware addresses அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் கணினி தன் உண்மையான மேக்கை மறைத்து வேறொன்றைக் காட்டும், ஒதுக்கீடு பொருந்தாது. மேசைக் கணினியைக் கேபிளில் இணைத்திருந்தால் கேபிளின் மேக்கைப் பதியுங்கள்.